மஞ்சளாகத் தெரிந்த Warm 2: ஒரு வீட்டு டிவியின் வெள்ளையை அளந்து பார்த்த கதை

பின்னணி

படங்களின் நிறத்தை முடிவு செய்யும் கலர் கிரேடிங் அறைகளில் மானிட்டர்களை அளந்து சரிசெய்வது என் வேலை. தெரிந்தவர்கள் கேட்டால் வீட்டு டிவிகளையும் பார்த்துக் கொடுப்பேன். இங்கே எழுதுவது அப்படிப் போன ஒரு வீட்டைப் பற்றி. அங்கே நான் முதல் தடவை செய்த காரியம் தவறாகப் போனது. அந்தத் தவறு எங்கே நடந்தது என்பதும் இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

அந்த வீட்டில் எல்.இ.டி. பேக்லைட் உள்ள 55 அங்குல எல்.சி.டி. டிவி. வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த Standard மோடிலேயே, Cool என்ற நிற வெப்பநிலையோடு ஓடிக்கொண்டிருந்தது. படங்களை எடுத்தவர்கள் நினைத்தபடி பார்க்க வேண்டுமானால் Movie மோடும், நீலம் குறைந்த Warm 2 என்ற நிற வெப்பநிலையும் வைக்க வேண்டும் என்று மகன் எங்கோ படித்து, ஒரு நாள் மாற்றி வைத்தார். அன்று இரவே அவருடைய அப்பா பழையபடி மாற்றிவிட்டார். மறுநாள் மகன் திரும்பவும் மாற்றினார். இப்படியே மூன்று வாரம் போனது. கடைசியில் எனக்கு அழைப்பு வந்தது.

பெரியவரின் புகார் தெளிவாக இருந்தது. “தம்பி, செய்தி வாசிக்கிற பொண்ணுல இருந்து எல்லாருக்கும் காமாலை வந்த மாதிரி இருக்கு. இதுதான் சரின்னு இவன் சொல்றான். என் கண்ணுல கோளாறா?”

முதல் வருகை: நான் செய்த தவறு

எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். அளக்கும் கருவியைக்கூட எடுத்துப் போகவில்லை. பெரியவரைச் சோபாவில் உட்காரவைத்து, ஒரு படத்தின் காட்சியை நிறுத்திவைத்து, ரிமோட்டில் Cool, Warm 2, மறுபடி Cool என்று மாற்றி மாற்றிக் காட்டினேன். வித்தியாசம் தெரிந்தால் எது இயல்பு என்று அவரே ஒப்புக்கொள்வார் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு தடவை Warm 2-க்கு வந்தபோதும் திரை மேலும் மஞ்சளாகத்தான் அவருக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. “கொஞ்ச நாளில் பழகிவிடும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் டிவி Cool-க்குத் திரும்பியிருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ஒரு வெள்ளை மஞ்சளாகத் தெரிய எந்தச் சூழல் மிகவும் உதவுமோ, அதைத்தான் நானே உருவாக்கிக் கொடுத்திருந்தேன். நம் கண்ணுக்கு நிலையான வெள்ளை என்று ஒன்று கிடையாது. எதிரே எந்த வெளிச்சம் நிறைந்திருக்கிறதோ, அதையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும்படி அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். நிறத் தழுவல் என்று இதைச் சொல்வார்கள். இதன் பெரும்பகுதி ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிடுகிறது. ஆனால் நான் பத்து நொடிக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருந்தேன். நீலம் கலந்த வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு முன்னால் நடுநிலையான வெள்ளையைக் காட்டினால், குறைந்துபோன நீலம்தான் முதலில் தெரியும். நீலம் குறைவது கண்ணுக்கு மஞ்சளாகத்தான் படும்.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பெரியவரின் கண்ணில் எந்த நோயும் இல்லை. நான்கு மாதமாக நீல வெள்ளையில் ஊறிய ஆரோக்கியமான கண் அது. ஆனால் பழமொழி சொல்லும் விஷயம் இங்கேயும் உண்மை: படத்தைப் பற்றிய தீர்ப்பைப் பாதி எழுதிக் கொடுத்தது பார்த்த கண்.

இரண்டாம் வருகை: அளந்து பார்த்தது

ஒரு வாரம் கழித்துக் கலரிமீட்டரோடு போனேன். திரையின்மேல் தொங்கவிட்டு, அதிலிருந்து வரும் ஒளியில் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று கணக்கிடும் சிறு கருவி அது. டிவியை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றினேன். கருவியின் மென்பொருளில் பேனல் வகையைச் சரியாகக் குறித்தேன். பேக்லைட் வகை மாறினால் ஒளியின் அலைநீளப் பரவலும் மாறும். தவறான வகையைக் குறித்தால் கருவி நம்பும்படியான ஒரு தவறான எண்ணைக் கொடுக்கும்.

முதலில் எதோடு ஒப்பிடப் போகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டுத் திரைக்காகப் படத்தைத் தயாரிக்கும்போது வெள்ளை என்று எடுத்துக்கொள்வது டி65 என்ற புள்ளியை. பகல் வெளிச்சத்தைப் பல இடங்களில் அளந்து சேர்த்த தரவிலிருந்து 1960களில் உருவான தரம் அது. நிற வரைபடத்தில் அதன் இடம் x = 0.3127, y = 0.3290. வெப்பநிலைக் கணக்கில் சுமார் 6500 கெல்வின். எச்.டி. ஒளிபரப்புக்கான பி.டி.709 தரம், 4கே-க்கான பி.டி.2020 தரம் இரண்டுமே இதைத்தான் வெள்ளையாக வைத்திருக்கின்றன. படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் கலரிஸ்டின் மானிட்டரும் இதே புள்ளிக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். ஒரு முகத்தின் நிறத்தை அவர் முடிவு செய்வது இந்த வெள்ளையை வைத்துத்தான்.

இந்த டிவியில் கிடைத்தவை இவை. Cool-இல் வெள்ளை x = 0.280, y = 0.293, அதாவது சுமார் 9800 கெல்வின். Warm 1-இல் சுமார் 7600. Warm 2-இல் x = 0.309, y = 0.325, அதாவது சுமார் 6750 கெல்வின்.

கெல்வின் எண் கூடக் கூட வெள்ளை நீலத்தை நோக்கிப் போகும். மெனுவில் Cool என்று இருப்பதன் எண்தான் பெரியது. ஒரு பொருள் சூடேறும்போது அதன் ஒளி முதலில் சிவந்து, பிறகு வெளுத்து, இன்னும் சூடேறினால் நீலம் சேர்வதை வைத்து வந்த கணக்கு இது. பேச்சு வழக்கில் நீலத்தைக் குளிர்ச்சி என்கிறோம், அதனால் பெயரும் எண்ணும் எதிரெதிராகப் போகின்றன.

இப்போது Warm 2-வின் எண்ணை மறுபடி பாருங்கள். தரம் 6500, இந்த டிவி காட்டியது 6750. காமாலை என்று புகார் வந்த அந்த வெள்ளையில், தரத்தோடு ஒப்பிட்டால், நீலம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மஞ்சள் எந்தக் கணக்கிலும் இல்லை. மகனிடம் இதைக் காட்டியபோது அவரே நம்பாமல் இன்னொரு முறை அளக்கச் சொன்னார். அளந்தேன், அதே எண்தான் வந்தது.

அப்புறம் இன்னொரு பொருளையும் அளந்தேன். டிவி பார்க்கும்போது பெரியவர் கையில் எப்போதும் கைபேசி இருக்கும். அதன் வெள்ளை சுமார் 7500 கெல்வின். டிவியை Warm 2-வில் வைத்திருந்த நாட்களில்கூட, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் கண் கைபேசியின் நீல வெள்ளையைப் பார்த்துவிட்டு டிவிக்குத் திரும்பியது. நான் ரிமோட்டில் செய்த அதே காரியத்தை அவர் தினமும் தானாகவே செய்துகொண்டிருந்தார்.

நிறத்தோடு கலந்துபோன இன்னொரு குறை

இரண்டாம் வருகையில் கிடைத்த முக்கியமான தடயம் வெளிச்சம். Standard-இலிருந்து Movie-க்கு மாறும்போது நிற வெப்பநிலை மட்டும் மாறவில்லை. பேக்லைட் பாதிக்கும் கீழே இறங்கியது. மின்சாரத்தைச் சேமிக்கும் அமைப்பும் விழித்திருந்து, அறை வெளிச்சத்தைப் பார்த்து இன்னும் மங்கலாக்கியது. அந்தக் கூடத்தில் பெரிய ஜன்னல் உண்டு. பகலில் அந்த வெளிச்சத்துக்கு நடுவே மங்கிய திரையில் வரும் வெள்ளை, வெள்ளையாகவே தெரியாது. பழுப்பேறிய காகிதம் போல இருக்கும். பெரியவர் “மஞ்சள்” என்று சொன்னதில் ஒரு பங்கு “மங்கல்” என்பதுதான். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவருக்கு வழியில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே பொத்தானில் சேர்ந்து வந்தன.

நிறத்தை மட்டும் தனியாக மாற்றினாலும் கொஞ்சம் வெளிச்சம் போகும். இந்த டிவியில் Cool-இலிருந்து Warm 2-வுக்கு மாறியபோது, பேக்லைட்டைத் தொடாமலேயே ஏழில் ஒரு பங்கு குறைந்தது. காரணம் எளியது. இந்த வகை பேக்லைட்டின் அடிப்படை ஒரு நீல எல்.இ.டி. அதன்மேல் பூசிய பாஸ்பர்தான் மற்ற நிறங்களைத் தருகிறது. இந்த பேனலின் இயல்பான வெள்ளையே நீலத்தின் பக்கம் சாய்ந்தது. அதை டி65-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால், சிவப்பு ஏற்கனவே உச்சத்தில் நிற்பதால் அதைக் கூட்ட முடியாது. நீலத்தை நிறையவும் பச்சையைக் கொஞ்சமும் அடக்கித்தான் சமநிலைக்கு வர முடியும். பிரகாசத்தின் பெரும்பகுதியைத் தருவது பச்சை என்பதால் திரை அந்த அளவுக்கு மங்குகிறது.

டிவிகள் ஏன் நீலத்தில் வைத்து அனுப்பப்படுகின்றன என்பதற்கும் பதில் இங்கே கிடைத்துவிடுகிறது. பேனலின் முழு வெளிச்சமும் அப்படியே வெளியே வருகிறது. அதோடு, நீலம் கலந்த வெள்ளை நம் கண்ணுக்கு இன்னும் வெள்ளையாகத் தெரியும். வெளுத்த துணிக்கு நீலம் போடுவது இதற்காகத்தானே. பல டிவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால், நீலமாக இருப்பது சுத்தமாகவும், டி65-இல் இருப்பது அழுக்காகவும் தெரியும். தனியாக ஒரு வீட்டில், ஒரு முழுப் படம் பார்க்கும்போது அந்த ஒப்பீடு இருக்காது. நீல வெள்ளையே தவறு என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் ஒளிபரப்புக்கே நெடுங்காலம் 9300 கெல்வின் வெள்ளைதான் வழக்கத்தில் இருந்தது. டி65-இல் முடிவு செய்த படத்தை அந்த வெள்ளையில் பார்க்கும்போதுதான் நிறங்கள் இடம் மாறுகின்றன.

எவ்வளவு இடம் மாறுகின்றன என்பதையும் கணக்கிட்டேன். இந்த டிவியின் Cool-இல், தரத்தோடு ஒப்பிட்டால், சிவப்புக்கு எதிராக நீலம் ஒன்றே முக்கால் மடங்கை நெருங்கியது. இருட்டு அறையில் ஒரு விளக்கொளியில் முகம் மட்டும் தெரியும் காட்சியை நினைத்துப் பாருங்கள். விளக்கின் பொன்னிறமும், ஜன்னல் வழியே வரும் இரவின் நீலமும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை ஒளிப்பதிவாளரும் கலரிஸ்டும் சேர்ந்து முடிவு செய்திருப்பார்கள். Cool-இல் விளக்கு வெளுத்துவிடும். இரவு மையாக அப்பிக்கொள்ளும். முகத்தின் நிழல் பகுதி சாம்பல் ஆகும். அந்தக் காட்சியின் உழைப்பே அங்கே காணாமல் போகிறது. எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை இருப்பது அதனால்தான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரிப்பது. Movie மோடை வைத்துக்கொண்டு, மின்சாரச் சேமிப்பை அணைத்தேன். பேக்லைட்டை Standard-இல் இருந்த அளவுக்கே உயர்த்தினேன். இருட்டு அறைக்கு அது அதிகம்தான். ஆனால் பெரியவர் படம் பார்ப்பது இருட்டு அறையில் இல்லை. திரை எவ்வளவு பிரகாசமாக இருக்கலாம் என்பதை அறையை வைத்து முடிவு செய்வதில் தவறில்லை. வெள்ளை எந்த நிறம் என்பதை மட்டும் தரத்திடம் விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, Warm 2-வைத் தரத்துக்கு இன்னும் நெருக்கமாக்குவது. வெள்ளைச் சமநிலை மெனுவில் நீலத்துக்கான B-Gain-ஐ 4 புள்ளியும் பச்சைக்கான G-Gain-ஐ 1 புள்ளியும் குறைத்தேன். வெள்ளை x = 0.313, y = 0.329-க்கு வந்தது. கறுப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள சாம்பல் படிகளையும் பார்த்தேன். இருண்ட படிகளில் லேசான நீலம் மிச்சம் இருந்தது. இருண்ட பகுதியின் நீலத்துக்கான B-Offset-ஐ 1 குறைத்ததும் அதுவும் போனது. ஏற்கனவே மஞ்சள் என்று புகார் செய்பவரின் டிவியில் நீலத்தை மேலும் குறைக்கலாமா என்று மகன் தயங்கினார். எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் 6750-க்கும் 6500-க்கும் உள்ள தூரம், 9800-இலிருந்து இறங்கிய தூரத்துக்கு முன்னால் மிகச் சிறியது. பழக வேண்டியது ஒரே தடவைதான் என்றால் சரியான புள்ளிக்கே பழகட்டும் என்று முடிவு செய்தோம். Warm 1-இல் ஒரு வாரம் வைத்துப் படிப்படியாக இறங்கலாம் என்றும் யோசித்தோம். அப்படிச் செய்தால் மாற்றம் இரண்டு தடவை தெரியும், புகாரும் இரண்டு தடவை வரும் என்பதால் விட்டுவிட்டோம்.

மூன்றாவது, ஒப்பிட்டுக் காட்டுவதே இல்லை என்பது. பெரியவரிடம் நேராகச் சொன்னேன்: “ஐயா, பத்து நாள் இதைத் தொடாதீங்க. படம் பார்க்கும்போது மட்டும் போனைக் கவிழ்த்து வைங்க. பத்து நாளுக்கு அப்புறமும் பிடிக்கலைன்னா நானே வந்து பழையபடி மாத்தித் தர்றேன்.” அவர் சம்மதித்தார். மாலை விளக்குப் போட்ட பிறகு, அவர் வந்து உட்காருவதற்கு முன்பே படத்தை ஓடவிட்டு வைக்கும்படி மகனிடம் சொன்னேன்.

பின்னர் நடந்தது

முதல் இரண்டு நாள் பெரியவர் முணுமுணுத்தார் என்று மகன் சொன்னார். செய்தி பார்க்கும்போதுதான் அதிகம். செய்திச் சேனலின் வெள்ளைப் பட்டையும் வெளிர் பின்னணியும் மாற்றத்தைப் பெரிதாகக் காட்டியிருக்கும். ஐந்தாம் நாள் பேச்சே வரவில்லை.

பத்தாம் நாள் போனேன். ஒரு படம் பாதி ஓடியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, Cool-க்கு மாற்றினேன். ஒரு கணம் பேசாமல் இருந்தார். “என்ன தம்பி இது, எல்லாரும் குளிர்ல வெறைச்சுப்போன மாதிரி இருக்காங்க. மாத்துங்க” என்றார். அதே டிவி, அதே Cool. மாறியிருந்தது அவர் கண் எதை வெள்ளை என்று வைத்திருக்கிறது என்பது மட்டும்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். பகல் வெயிலில் விளையாட்டு பார்க்கும்போது அவர் இன்றும் Standard மோடைத்தான் வைக்கிறார். அந்த மோடில் நிற வெப்பநிலையை Warm 1 ஆக்கிக் கொடுத்திருக்கிறேன், அவருக்கு அது போதும் என்கிறார். நானும் மறுக்கவில்லை. ஜன்னல் வழியே வரும் வானத்து வெளிச்சமே சில வேளைகளில் 7000 கெல்வினைத் தாண்டிவிடும். அந்த அறையில் அந்த நேரத்தில் கண்ணின் வெள்ளையும் அங்கேதான் இருக்கும்.

அடுத்த முறை மாற்றிக்கொள்வது

அளக்காமல் பேச மாட்டேன். Warm 2 தரத்துக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலான டிவிகளில் உண்மை. ஆனால் அந்தப் பெயர் ஒரு வாக்குறுதி இல்லை. சில டிவிகளில் அது 6000-க்கும் கீழே இறங்கி உண்மையிலேயே மஞ்சளாக இருக்கும். கண்ணுக்கு இதம் தருவதாகச் சொல்லும் அமைப்பு எங்காவது விழித்திருந்தால் இன்னும் கீழே போகும். அதை முதலில் தேடி அணைக்க வேண்டும். படத்தை எடுத்தவர்கள் நினைத்தபடி காட்டுவதற்கான Filmmaker Mode உள்ள டிவிகளில் அதுவே டி65-ஐக் குறிவைப்பதால் அங்கிருந்து தொடங்கலாம்.

கெல்வின் எண்ணை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. 6500 என்று எண் வந்த பிறகும் வெள்ளை பச்சைப் பக்கமோ இளஞ்சிவப்புப் பக்கமோ நகர்ந்திருக்கலாம். அந்த எண் நீலம்–மஞ்சள் திசையில் உள்ள இடத்தை மட்டும் சொல்கிறது, அதனால்தான் x, y இரண்டையும் பார்க்கிறோம். கருவி இல்லாதவர்கள் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை இரவில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் சாம்பலில் பச்சையோ இளஞ்சிவப்போ தெரிந்தால் டிவியில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். முதல் நிமிடத்தில் மட்டும் மஞ்சள் தெரிந்து, பிறகு மறைந்துவிட்டால் அது கண்ணின் பழக்கம்.

கண் இதில் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கும் என்பதற்குத் திரையரங்கையே பார்க்கலாம். டிஜிட்டல் திரையரங்கின் தர வெள்ளை x = 0.314, y = 0.351. டி65-இன் பக்கத்தில் வைத்தால் பச்சை கலந்தது நன்றாகத் தெரியும். இருட்டில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் பார்க்கிற யாரும் வெள்ளை பச்சையாக இருக்கிறது என்று எழுந்து போவதில்லை, ஏனென்றால் பக்கத்தில் வேறு வெள்ளை கிடையாது. அந்தப் படம் வீட்டுக்கு வரும்போது டி65-க்கு மாற்றித்தான் தருகிறார்கள்.

அந்த B-Gain, G-Gain எண்களை மகன் தன் நண்பருக்கு அனுப்பினாராம். அவரிடமும் அதே மாடல் டிவி. நண்பரின் திரை லேசாக இளஞ்சிவப்பு ஆகிவிட்டது. ஒரே மாடலிலும் ஒவ்வொரு பேனலின் இயல்பு வெள்ளை கொஞ்சம் வேறுபடும் என்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். Warm 2 என்ற தேர்வை மட்டும் பகிர்ந்திருந்தால் போதும். அந்த நண்பரிடம் எண்களைப் பூஜ்யமாக்கிவிட்டு Warm 2-வோடு நிறுத்தச் சொன்னேன். ஆறு மாதம் கழித்துப் பெரியவரின் டிவியை மறுபடி அளந்தேன். x = 0.312, y = 0.328. எதையும் தொடாமல் வந்துவிட்டேன்.